கடைசி ஐந்து நிமிடம் எங்கே போகிறது?

ஏழாம் வகுப்பு அறிவியல், 'அடர்த்தி' பாடம். பாடவேளை 40 நிமிடம். ஒரு பயிற்சி ஆசிரியை எழுதும் பாடக்குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முன்னறிவைச் சோதித்தல் 5 நிமிடம், அறிமுகம் 5, விளக்கமும் சூத்திரமும் 10, குழுச் சோதனை 10, கலந்துரையாடல் 5, மதிப்பீடு 5. கூட்டினால் சரியாக 40. கோடு போட்டு, தலைப்புக்கு வண்ணமிட்டு, மேற்பார்வையாளரின் கையொப்பமும் வாங்கிவிடலாம். காகிதத்தில் ஒரு குறையும் தெரியாது.

வகுப்பறையில் நடப்பது வேறு. முந்தைய ஆசிரியர் வெளியேறி, மாணவர்கள் அமர்ந்து, வருகை எடுத்து முடிய 4 நிமிடம் போகிறது. சோதனைப் பொருள்களை ஆறு குழுக்களுக்குக் கொடுக்க 3 நிமிடம். வகுப்பில் இருப்பதோ ஒரே தராசு. ஒரு குழு கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ள 2 நிமிடம் என்றால்கூட ஆறு குழுவுக்கும் 12 நிமிடம் ஆகிவிடும். கடைசிக் குழு இன்னும் வரிசையில் நிற்கும்போதே மணி அடிக்கிறது. கலந்துரையாடலும் மதிப்பீடும் வீட்டுப்பாடமாக மாறுகின்றன.

பாடக்குறிப்பில் இரண்டு வகைக் குறைகள் உண்டு என்று சொல்வது வழக்கம். நோக்கமும் செயல்பாடும் மதிப்பீடும் ஒன்றோடொன்று பொருந்தாதது ஒன்று. நேரக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவராதது இன்னொன்று. பயிற்சிக் கல்லூரிகளில் இவ்விரண்டும் தனித்தனியாகத்தான் சுட்டிக்காட்டப்படுகின்றன. மேலே சொன்ன வகுப்பைக் கவனித்தால் இரண்டும் ஒரே குறைதான் என்பது தெரியும். நேரம் போதாதபோது பாடம் வெட்டுப்படுவது எப்போதும் கடைசியிலிருந்துதான், அந்தக் கடைசியில் இருப்பது மதிப்பீடு. காகிதத்தில் எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும், நேரம் தவறினால் மாணவர் கற்றாரா என்று பார்க்கும் கண்ணிதான் முதலில் அறுந்துபோகிறது.

இந்தக் கண்ணி எப்போது பாடக்குறிப்புக்குள் வந்தது? இந்தியாவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நெடுங்காலம் கோலோச்சிய அச்சு, ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பெயரால் வழங்குவது. அவர் சொன்ன படிகளை அவருடைய வழிவந்த ஸில்லரும் ரைனும் ஐந்தாக விரித்தார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசைப்படுத்தும் அச்சு இது. மாணவர் எதைச் செய்துகாட்டினால் பாடம் முடிந்ததாகக் கொள்ளலாம் என்ற கேள்வி இதில் மையமாக இல்லை.

அந்தக் கேள்வியை மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ரால்ஃப் டைலர். 1949-இல் வெளிவந்த சிறு நூலில் அவர் நான்கு கேள்விகளை வைத்தார். எதை அடைய வேண்டும், அதற்கு எந்த அனுபவங்கள் உதவும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, அடைந்தோமா என்று எப்படி அறிவது என்பவை அவை. 1956-இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் நோக்கங்களைப் படிநிலைகளாக வகைப்படுத்தினார்கள். 1962-இல் ராபர்ட் மேகர், கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல் இல்லாத நோக்கம் நோக்கமே ஆகாது என்று வாதிட்டார். 'புரிந்துகொள்வர்' என்று எழுதாமல் 'கணக்கிடுவர்' என்று எழுது என்று நம் பயிற்சி ஆசிரியர்களிடம் சொல்லப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

வினைச்சொல்லை மாற்றிவிட்டால் போதுமா? போதாது என்றார் ஜான் பிக்ஸ். உயர்கல்வியை முன்வைத்து 1996-இல் அவர் எழுதிய கட்டுரை, நோக்கத்தில் உள்ள வினை செயல்பாட்டிலும் தேர்விலும் திரும்ப வர வேண்டும் என்றது. 'ஒப்பிடுவர்' என்பது நோக்கமானால் வகுப்பில் மாணவர் ஒப்பிட்டிருக்க வேண்டும், வினாவும் ஒப்பிடவே சொல்ல வேண்டும். இரண்டாண்டு கழித்து கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் இதைத் திட்டமிடும் வரிசையாகவே ஆக்கினார்கள்: முதலில் நோக்கம், அடுத்து அதற்கான சான்று, கடைசியில்தான் செயல்பாடு. பின்னோக்கித் திட்டமிடல் என்று அதைச் சொல்கிறார்கள்.

புதிதாக எழுதுபவருக்கு இந்த வரிசை உதவும். ஏற்கெனவே எழுதி முடித்த குறிப்பைத் திருத்துபவர் இன்னும் ஒரு படி தள்ளி, கடைசி வரியில் இருக்கும் வினாவிலிருந்து தொடங்குவது நல்லது. நோக்கம் என்பது ஆசிரியர் ஆசைப்படுவது. உண்மையில் எதைக் கேட்கப்போகிறார் என்பதை வினாதான் காட்டிக்கொடுக்கும்.

அடர்த்திப் பாடக்குறிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று வினாக்கள் உள்ளன. அடர்த்தி என்பதை வரையறு. அடர்த்தியின் அலகு யாது? நிறையைப் பருமனால் வகுக்கக் கிடைப்பது _____. மேலே போய்ப் பார்த்தால் நான்கு நோக்கங்கள்: அடர்த்தியை வரையறுப்பர், அடர்த்தி பற்றிப் புரிந்துகொள்வர், ஒழுங்கற்ற பொருளின் பருமனைக் காண்பர், அன்றாட வாழ்வில் அடர்த்தியின் பயனைப் பாராட்டுவர்.

இப்போது ஒவ்வொரு வினாவிலிருந்தும் அது சோதிக்கும் நோக்கத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். மூன்று கோடுகளும் முதல் நோக்கத்திலேயே போய் முட்டுகின்றன. மூன்றாவது நோக்கத்துக்குப் பத்து நிமிடச் சோதனை இருக்கிறது, வினா இல்லை. நான்காவதற்குச் செயல்பாடும் இல்லை, வினாவும் இல்லை. படிவத்தில் ஓர் இடம் இருந்ததால் எழுதப்பட்டது. இரண்டாவதை எப்படிச் சோதிப்பது என்று எழுதியவருக்கே தெரியாது. வகுப்பின் பெரும்பகுதி கல்லையும் தண்ணீரையும் கையாள்வதில் செலவாக, மதிப்பெண் முழுவதும் மனப்பாடத்துக்குப் போகிறது. மாணவர்கள் இதை விரைவில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். 'சோதனை விளையாட்டுக்கு, படிக்க வேண்டியது வரையறை' என்று இரண்டு வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே திருத்துபவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. சோதனையை நீக்கிவிட்டு வரையறை சொல்லிக் கொடுத்து வரையறையையே கேட்கலாம். மூன்றும் கச்சிதமாகப் பொருந்தும், நேரமும் மிஞ்சும். பொருத்தத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் மாணவருக்கு மிதப்பதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஆகவே பொருத்தம் பார்க்கும்போது எதை எதற்கு ஏற்ப மாற்றுகிறோம் என்பது முக்கியம். வினாவின் உயரத்துக்கு நோக்கத்தைக் குனியவைக்காமல், நோக்கத்தின் உயரத்துக்கு வினாவை ஏற்ற வேண்டும்.

அப்படிச் செய்தால் நான்கு நோக்கங்கள் இரண்டாகின்றன. ஒன்று, ஒழுங்கற்ற ஒரு பொருளின் பருமனை நீரில் மூழ்கவைத்து அளந்து, அடர்த்தியைக் கணக்கிடுவர். இரண்டு, ஒரு பொருளின் நிறையும் பருமனும் தந்தால் அது நீரில் மிதக்குமா மூழ்குமா என்று காரணத்தோடு சொல்வர். வரையறை தனி நோக்கமாக நிற்க வேண்டியதில்லை. கணக்குப் போடும்போதே அது கைக்கு வந்துவிடும். அன்றாடப் பயன் அடுத்த பாடவேளைக்குப் போகிறது.

அடுத்தது வினா. இரண்டாம் நோக்கத்துக்கு முதலில் தோன்றும் வினா இப்படி இருக்கும்: 'அ என்ற பொருளின் நிறை 120 கிராம், பருமன் 150 கன செ.மீ. ஆ என்ற பொருளின் நிறை 27 கிராம், பருமன் 10 கன செ.மீ. ஒவ்வொன்றும் நீரில் மிதக்குமா, மூழ்குமா?' நல்ல வினாவாகத்தான் தெரிகிறது. கனமான அ மிதக்கும் (அடர்த்தி 0.8), லேசான ஆ மூழ்கும் (2.7). 'கனமானது மூழ்கும்' என்று நம்பும் மாணவர் மாட்டிக்கொள்வார்.

ஆனால் இன்னொரு வகைத் தவறு உண்டு. நிறையைப் பருமனால் வகுக்காமல் பருமனை நிறையால் வகுத்துவிடும் மாணவருக்கு அ-வின் விடை 1.25, ஆ-வின் விடை 0.37. அவரும் 'அ மூழ்கும், ஆ மிதக்கும்' என்றுதான் எழுதுவார். கருத்தில் பிழை உள்ளவரும் கணக்கில் பிழை உள்ளவரும் ஒரே விடையோடு வந்து நிற்கிறார்கள். முன்னவருக்கு மறுபடியும் பொருளைக் காட்ட வேண்டும், பின்னவருக்குச் சூத்திரத்தை நினைவூட்டினால் போதும். விடையைப் பார்த்து யாருக்கு எது என்று பிரிக்க முடியாது.

ஒரே ஓர் எண்ணை மாற்றினால் முடிச்சு அவிழ்கிறது. ஆ-வின் பருமனை 10-க்குப் பதில் 30 என்று வைத்தால் அதன் அடர்த்தி 0.9. இப்போது சரியான விடை, இரண்டும் மிதக்கும். கனத்தை நம்புபவர் 'அ மட்டும் மூழ்கும்' என்பார். தலைகீழாக வகுப்பவருக்கு 1.25, 1.11 என்று வருவதால் 'இரண்டும் மூழ்கும்' என்பார். மூன்று வகை மாணவர், மூன்று வெவ்வேறு விடை. ஆசிரியை 36 தாள்களை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்தால் போதும், மறுநாள் யாரோடு உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதல் நோக்கத்துக்கான சான்றிலும் ஒரு பொறி இருக்கிறது. குழுத்தாளில் விடை சரியாக இருந்தால் ஆறு பேரும் கற்றுவிட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. அளவு ஜாடியைப் பிடித்தது ஒருவர், கணக்குப் போட்டது இன்னொருவர், மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆகவே தனித்தாளில் ஒரு படம்: கல்லைப் போடுமுன் ஜாடியில் 50 மி.லி., போட்ட பின் 68 மி.லி., கல்லின் நிறை 45 கிராம். பருமன் 18, அடர்த்தி 2.5 என்று ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

வினாக்கள் இரண்டும் உறுதியான பிறகுதான் நேரத்துக்கு வர முடியும். எதை வெட்டலாம் என்று சொல்லும் உரிமை வினாவுக்கே இருக்கிறது.

தராசு வரிசையைப் பாருங்கள். 12 நிமிடத்தை விழுங்குவது அது. எடை போடுதல் இரண்டு நோக்கங்களில் எதிலாவது இருக்கிறதா? இல்லை. அப்படியானால் முந்தைய நாளே ஒவ்வொரு கல்லையும் எடைபோட்டு, நிறையைக் கல்லின் மேலேயே எழுதிவிடலாம். 'மாணவர் தாமே செய்து கற்க வேண்டும்' என்ற ஆசையோடு இது மோதுவதுபோல் தோன்றும். எடை போடுவதற்கென்று ஒரு பாடவேளை வரும்போது மாணவர் எடை போடட்டும். இன்று அவர்கள் கை ஜாடிக்குத் தேவைப்படுகிறது. பொருத்தம் பார்க்காமல் நேரத்தை மட்டும் குறைக்கப் போனால், வெட்டுப்படுவது பெரும்பாலும் கலந்துரையாடலாகவே இருந்திருக்கும்.

அடுத்த நெருக்கடி ஜாடி. பள்ளியில் 100 மி.லி. அளவு ஜாடி மூன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு குழுக்களையும் இரு தொகுதியாக்கி, ஒரு தொகுதி அளக்கும்போது மற்றது தாளில் தந்திருக்கும் நிறை, பருமன் பட்டியலைக் கணக்கிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இடம் மாற வேண்டும். காத்திருக்கும் தொகுதிக்கு வேலை இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடம் சத்தத்தில் கரையும். வேலை வினாவோடு தொடர்பில்லாததாக இருந்தால் அதுவும் வீண்தான். இந்தப் பட்டியல் இரண்டாம் நோக்கத்துக்கான பயிற்சியாகவே அமைகிறது.

சோதனைக்குள்ளேயே நேரத்தைத் தின்னும் சில்லறைகள் உண்டு. கல் ஜாடியின் வாய்க்குள் நுழையாமல் போகும். நீளவாட்டுக் கற்களாகத் தேர்ந்து முந்தைய நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சின்னக் கல்லாக இருந்தால் பிழை பெரிதாகும்: பருமன் 5 மி.லி. உள்ள கல்லில் ஒரு மி.லி. தவறினால் விடை ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போகும், 20 மி.லி. உள்ள கல்லில் இருபதில் ஒரு பங்குதான். கல்லை நூலில் கட்டி இறக்காமல் மேலிருந்து போட்டால் கண்ணாடியின் அடி உடையும். மரத்துண்டைக் கொடுத்தால் அது மிதந்துகொண்டிருக்கும், இந்த முறையில் முழுப் பருமன் கிடைக்காது. நீர்மட்டம் நடுவில் குழிந்திருப்பதால் கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திக் குழிவின் அடியைப் படிக்க வேண்டும். இதை முன்கூட்டிச் செய்து காட்டாவிட்டால் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகச் சொல்ல நேரும்.

திருத்திய குறிப்பு இப்படி வருகிறது. அமர்தலும் வருகையும் 4 நிமிடம். பெரிய மெழுகுவர்த்தி, ஒரு ரூபாய் நாணயம் இரண்டில் எது மூழ்கும் என்று மாணவர்கள் எழுதியபின் நீரில் போட்டுப் பார்ப்பது 4 நிமிடம். ஆசிரியை ஒரு கல்லை அளந்து காட்டுவது 6: நிறை 54 கிராம், நீர் 50-லிருந்து 70-க்கு ஏறுகிறது, பருமன் 20, அடர்த்தி 2.7. பொருள் கொடுக்க 2, இரு சுற்றுச் சோதனை 10, திரும்ப வாங்க 2. ஆறு குழுக்களின் விடைகளைக் கரும்பலகையில் ஒப்பிடுவது 4. தனித்தாள் 5. கூட்டினால் 37.

மிச்சம் 3 நிமிடம் வேண்டுமென்றே விடப்பட்டது. கூட்டுத்தொகை சரியாக 40 என்று வரும் குறிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். எதுவும் தவறாமல் நடந்தால் ஆகும் நேரத்தையே மனிதர்கள் மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்கு 'திட்டமிடல் பிழை' என்று பெயரிட்டார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். ஆசிரியருக்கு இதற்கு ஒரு மருந்து கையிலேயே இருக்கிறது. தனித்தாளின் வினாக்களுக்குத் தானே விடை எழுதி, கடிகாரத்தைப் பார்த்து, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரத்தை ஏழாம் வகுப்பு மாணவருக்குக் கொடுப்பது.

எல்லா நேரத்தையும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது, வினா கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரே ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத மாணவர்களும் பேசினார்கள். பத்து வினாவுக்கு இது கூட்டும் நேரம் இருபது நொடி. பொருள் விநியோகத்தில் வீணாகும் நிமிடங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நேரத்தை மெய்யாக்குவதற்கு ஜப்பானிய ஆசிரியர்கள் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். அங்கே 'ஜுக்யோ கென்க்யூ' எனப்படும் பாட ஆய்வில், ஆசிரியர்கள் கூடி ஒரே பாடக்குறிப்பைப் பலமுறை திருத்துகிறார்கள். நம் படிவங்களில் அரிதாகவே இருக்கும் ஒரு பகுதி அதில் உண்டு: மாணவர் என்னென்ன சொல்லக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. 'பெரிய மெழுகுவர்த்தி ஏன் மிதக்கிறது?' என்றால் 'உள்ளே காற்று இருக்கு மிஸ்', 'மெழுகு வழவழன்னு இருக்கே' என்றெல்லாம் பதில் வரும் என்று முன்பே எழுதிப் பார்த்தால், 4 நிமிடம் போதுமா என்ற கேள்விக்கு ஊகம் தேவைப்படாது.

இந்தப் பொருத்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. கலைக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1967-இலேயே, எல்லா விளைவையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்று எழுதினார். ஓவிய வகுப்பிலோ செய்யுள் வகுப்பிலோ மாணவர் எங்கே போய்ச் சேர்வார் என்பது போன பிறகுதான் தெரியும். அத்தகைய பாடத்தில் நோக்கமாக எழுத வேண்டியது மாணவர் எதிர்கொள்ளப்போகும் அனுபவம். மதிப்பீடு அதன்பின் நடந்ததைப் பற்றிப் பேசுவது. அடர்த்திக்குச் சரியான மூன்று அடுக்குத் தாள் ஒரு பாட்டை ரசிக்கும் வகுப்புக்குப் பொருந்தாது.

இன்னொரு எல்லை நடைமுறை சார்ந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 கற்பித்தல் மணி என்று வகுத்து, ஆசிரியரின் வாரப் பணி 45 மணியில் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு பாடவேளை எடுப்பவர் ஒவ்வொன்றையும் இவ்வளவு நுணுக்கமாகத் திருத்த முடியாது. அலகுக்கு ஒரு பாடவேளையைத் தேர்ந்து திருத்தலாம். சோதனை உள்ள பாடவேளையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அங்கேதான் நேரம் அதிகம் ஒழுகுகிறது.

அந்த ஒன்றையும் வகுப்பு முடிந்த கையோடு ஒருமுறை தொட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் ஆன நேரத்தைப் பென்சிலால் எழுதினால் போதும். பொருள் கொடுக்க 2 என்று இருந்தது 4 ஆயிற்று, ஏனெனில் ஜாடிகளில் தண்ணீர் வகுப்பறையில்தான் நிரப்பப்பட்டது. ஒப்பிடுதல் 4 என்று இருந்தது 6 ஆயிற்று, ஏனெனில் ஒரு குழுவுக்கு அடர்த்தி 27 வந்தது. புள்ளி எங்கே போயிற்று என்று வகுப்பே தேடியது. விட்டுவைத்த 3 நிமிடம் தீர்ந்து, மேலும் ஒரு நிமிடம் தனித்தாளிலிருந்து கடன் வாங்கப்பட்டது. நாளை இதே பாடம் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு. ஆசிரியை இடைவேளையிலேயே மூன்று ஜாடிகளிலும் 50 மி.லி. வரை தண்ணீர் நிரப்பி, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுகிறார்.